எங்க படுத்திருந்தீங்க?

"இந்த டியூபை எந்த சோப்புல கழுவின?"

ஹவுஸ் சர்ஜனாகப் பொது மருத்துவ வார்டுக்குப் போன இரண்டாம் நாள் இரவு, அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். அக்கா என்று இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு அவர் மேடம். மூன்றாம் ஆண்டு பி.ஜி. அவர் இருக்கும் யூனிட்டில் டியூட்டி விழுந்தால் எங்கள் பேட்சில் பாதிப் பேருக்கு முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். எனக்கும் வந்தது, ஆனாலும் போனேன்.

விஷயம் இதுதான். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை, ஏதோ கடித்துவிட்டது என்று கூட்டி வந்திருந்தார்கள். பாம்பை யாரும் பார்க்கவில்லை. காலில் லேசான கீறல், வீக்கமில்லை. ரத்தம் உறைகிறதா பார் என்றார்கள். இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். உறையாவிட்டால் தண்ணீர் போல ஓடும். பாம்புக்கடிக்கு எத்தனையோ டெஸ்ட் இருந்தாலும் நள்ளிரவில் ஒரு வார்டில் நம்பிச் செய்யக்கூடியது இதுதான். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தில் உறைவதற்கென்று இருக்கும் சரக்கையெல்லாம் உள்ளேயே செலவழித்துத் தீர்த்துவிடும், அப்புறம் வெளியே எடுத்த ரத்தம் எதை வைத்து உறையும்?

நான் வைத்த குழாயில் ரத்தம் ஓடியது. பாசிட்டிவ் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா குழாயை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் அந்த சோப்புக் கேள்வி.

சிங்க் ஓரத்தில் கிடந்த பழைய குழாயைக் கழுவி உதறி அதில்தான் ரத்தம் விட்டிருந்தேன். ரத்தம் கண்ணாடியைத் தொடும்போதுதான் உறைதல் தொடங்குகிறது. கண்ணாடியின் மேல் சோப்புப் படலம் இருந்தால் நல்ல ரத்தமும் உறையாமல் ஓடும், பிளாஸ்டிக் குழாயிலும் இதே தப்பு நடக்கும். அதனால்தான் புதுசாக, காய்ந்ததாக, கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பெரியவரின் மகனும் மருமகளும் நின்றுகொண்டிருக்கும்போதே அக்கா சொன்னார்: "இவருக்கு விஷம் ஏறல டாக்டரம்மா, உன் சோப்புதான் ஏறியிருக்கு. இதை நம்பி விஷமுறிவு மருந்து பத்து குப்பி ஏத்தியிருந்தா, ஒண்ணுமே ஆகாத மனுசன் ஊசியால போயிருப்பார்." புதுக் குழாயில் திரும்ப வைத்தபோது இருபதாவது நிமிடம் ரத்தம் கெட்டித் தயிர் மாதிரி அசையாமல் நின்றது.

அன்றிரவு ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் சொன்னது சரிதான், ஆனால் புதுக் குழாய் எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் என் ஐந்து வருடக் கவலையும்.

அதற்குப் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பயத்தில்தான். இரண்டு விஷயம் விசித்திரமாகப் பட்டது. ஒன்று, விடியற்காலை வயிற்று வலி என்று யார் வந்தாலும் வலி எங்கே, எப்போதிருந்து, வாந்தி உண்டா என்று கேட்பதற்கு முன்னால் "நேத்து ராத்திரி எங்க படுத்திருந்தீங்க? கட்டில்லயா, தரையிலயா?" என்பார். ஒரு பள்ளி ஆசிரியர் அதைக் கேட்டு முகம் சிவந்து எழுந்து போகப் பார்த்தார். ஏன் கேட்கிறார் என்று அக்கா யாருக்கும் விளக்க மாட்டார், பதில் வந்ததும் அவர்களைக் கூரையைப் பார்க்கச் சொல்லி இமையைக் கவனிப்பார். இன்னொன்று, ஒவ்வொரு இரவும் மூன்று மணி வாக்கில் பதினைந்து நிமிடம் காணாமல் போவார். எங்களை உட்காரக்கூட விடாதவர் தான் மட்டும் போய்த் தூங்கிவிட்டு வருகிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

மூன்றாவது வாரம், அட்மிஷன் டே அன்று இரவு 11.45-க்கு ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முப்பத்தெட்டு வயது. ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடந்திருக்கிறார், இடது கணுக்காலில் கடி. அவர் தம்பி போனில் பாம்பைப் படம் பிடித்து வந்திருந்தார், உடம்பு நெடுக சங்கிலி கோத்தது போல வட்டங்கள். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. துண்டைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் கட்டை அவிழ்க்கக் கை வைத்தேன்.

"தொடாத. முதல்ல லைன் போடு. கட்டைப் பட்டுனு அவுத்தா கீழ தேங்கினதெல்லாம் மொத்தமா மேல வரும். மருந்து ஏற ஆரம்பிக்கட்டும், அப்புறம் மெதுவா."

வென்ஃப்ளான் போட்டேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்ததும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் ஈறு ஓரமெல்லாம் சிவப்பு. இந்த முறை கண்ணாடிக் குழாய் புதுசு. 11.55-க்கு ரத்தம் விட்டு, மேஜை ஓரத்தில் ஸ்டாண்டில் வைத்தேன். 12.05-க்கு, பத்து நிமிடம் ஆகிவிட்டதே, கொஞ்சம் சாய்த்துப் பார்ப்போம் என்று கை தானாகப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். திட்டவில்லை. பிடித்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதியில் ஆட்டினால் கட்டிக்கொண்டிருப்பதும் கலைந்துபோகும், அவசரப்பட்டுப் பார்த்தால் உறையவில்லை என்று தப்பாகத் தோன்றும். ஒரு நிமிடம் கழித்துத்தான் கையை விட்டார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

12.15-க்குச் சாய்த்தோம். ஓடியது.

விஷமுறிவு மருந்து சின்னச் சின்னக் குப்பிகளில் வெள்ளைப் பொடியாக வரும். ஒவ்வொன்றிலும் பத்து மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். பத்து குப்பியையும் ஆளுக்கு ஐந்தாக எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சுழற்றினோம். குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது இது. நாட்டில் தயாராகும் மருந்துக்கான விஷத்தில் பெரும் பங்கு நம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்து போகிறது என்று அக்கா சொன்னது அப்போதுதான். அவர் என்னைத் திட்டாமல் பேசிய முதல் வாக்கியம் என்பதால் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

12.30-க்கு ட்ரிப்ஸ் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும். "முதல் கால் மணி நேரம் இவர் வயித்தைப் பார்த்துக்கிட்டே இரு. வேற எங்கயும் பார்க்காத," என்றார். குதிரையின் புரதம் மனித உடம்புக்கு அந்நியம், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, அதற்காக டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பதிலும் பயனில்லை. 12.43-க்கு அவர் வயிற்றைச் சொறிந்தார். சட்டையை விலக்கினால் தொப்புளைச் சுற்றிக் கொசு கடித்த மாதிரி தடிப்புகள். இரண்டு முறை இருமினார். அப்புறம் மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய்ப்பாடு மாதிரித் தெரியும். ட்ரிப்ஸை நிறுத்து, அட்ரினலின் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஆனால் ஆம்ப்யூலை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கியதில் சிரிஞ்சின் முனை ஆம்ப்யூலுக்குள் போகவே இல்லை. அக்கா வாங்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் வாங்கவில்லை. ட்ரிப்ஸை மூடிவிட்டு, என் பின்னால் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "முழங்கையை மேஜையில ஊணு," என்றார். ஊன்றினேன். முனை உள்ளே போனது. அரை மில்லி. தொடையில் போட்டேன். மூன்று நான்கு நிமிடத்தில் விசில் குறைந்தது, பத்து நிமிடத்தில் அவர் தண்ணீர் கேட்டார். தடிப்பு அடங்கிய பிறகு 1.30-க்கு அதே மருந்தை மெதுவாகத் திரும்பத் திறந்தோம். நிறுத்தியதோடு விட்டுவிட முடியாது, உள்ளே விஷம் அப்படியேதான் இருக்கிறது.

மூன்று மணிக்கு வழக்கம்போல அக்காவைக் காணோம். யூரின் பையில் இறங்கியது கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது, அதைச் சொல்ல அவரைத் தேடினேன். துணி அடுக்கி வைக்கும் அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். "நான்தான்க்கா" என்று என்னையறியாமல் வந்துவிட்டது. மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். ஸ்டூலில் ஒரு கை பம்ப், பக்கத்தில் சின்ன பாட்டிலில் பால்.

"ஏழு மாசம்," என்றார். "எங்கம்மாகிட்ட இருக்கான், நாலு மணி நேரம் பஸ்ல. எடுக்கலன்னா கட்டிக்கிட்டு காய்ச்சல் வந்துடும்." பிறகு அந்தப் பாலை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்தார். வார்டு ஃபிரிட்ஜில் மருந்து மட்டும்தான் வைக்க வேண்டும், அது அவரே போட்ட சட்டம். வெள்ளையாகச் சுழன்று போனதைப் பார்த்துக்கொண்டே, "யூரின் என்ன கலர்?" என்று கேட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஏ.சி. ரூமில் தூங்குகிறார் என்று சொன்னது நான்தான்.

காலை 6.30-க்கு இரண்டாவது குழாய். மருந்து தொடங்கி ஆறு மணி நேரம் கழித்துத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். விஷம் அடங்கினாலும் ஈரல் புதிதாக உறைபொருள் செய்து ரத்தத்தில் சேர்க்க அவ்வளவு நேரமாகும், அதற்கு முன் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஸ்டாண்டில் வைத்துவிட்டு இருவரும் அந்த மேஜையிலேயே உட்கார்ந்தோம். 20 நிமிடம் எழுந்து போகவும் முடியாது, தொடவும் கூடாது.

"அன்னைக்கு ஏன் கேட்கல?" என்றார்.

"எதைக்கா?"

"புது டியூப் எங்க இருக்குன்னு. சிஸ்டர்கிட்ட கேட்டிருந்தா அலமாரியைக் காட்டியிருப்பாங்க. கழுவற அளவுக்கு என்ன வந்துச்சு?"

சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் முதல் பேட்ச் நான். கட்டணத்தையெல்லாம் அரசாங்கமே கட்டியது. அது இல்லையென்றால் நான் இந்நேரம் அம்மாவோடு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன், இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை. ஆனால் முதல் வருடம் அனாட்டமி ஹாலில் ஒரு கேள்வி கேட்டேன், தமிழில்தான் கேட்க வந்தது. பின்னால் யாரோ "ஏழரை" என்றார்கள். சனி பிடிப்பதற்குச் சொல்வோமே, அந்த ஏழரை. சிரிப்பு. அதற்கப்புறம் நான்கரை வருடம் எந்த வகுப்பிலும் நான் எதையும் கேட்கவில்லை. தெரியாததையெல்லாம் குறித்துக்கொண்டு ராத்திரி தேடிப் படித்தேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் புது டியூப் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தப்பு செய்தால் அது என் தப்பாக இருக்காதுக்கா, அந்த ஒதுக்கீட்டின் தப்பாக ஆகிவிடும், இனி வரும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்றேன். ஸ்டைபென்ட் வந்ததும் என் கூடப்பிறந்த அக்காவின் கல்யாணக் கடனுக்கு வட்டி அனுப்புவதையும் சொன்னேன். அது ஏன் அப்போது வந்தது என்று தெரியவில்லை.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மணி பார்த்தார். "சாய்," என்றார். சாய்த்தேன். ஓடியது. "இன்னும் பத்து. கரைக்கலாம் வா."

மதியம் 1 மணிக்கு மூன்றாவது குழாய். எங்கள் இருவருக்குமே டியூட்டி எப்போதோ முடிந்துவிட்டது. தீசிஸ் விஷயமாக கைடு இரண்டு முறை கூப்பிட்டும் அக்கா போகவில்லை. பிரசவ விடுப்பால் ஆறு மாதம் தள்ளிப்போயிருந்தது, மகன் பிறந்ததிலிருந்து அதில் ஒரு பக்கம் எழுதவில்லை என்று நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழாயை வைத்ததும் நானே கேட்டேன். நான்கரை வருடத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"வயித்து வலின்னு வர்றவங்ககிட்ட ஏன்க்கா எங்க படுத்திருந்தீங்கன்னு கேட்கறீங்க?"

அவர் சர்வீஸ் பி.ஜி. படிக்க வருவதற்கு முன் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் விடியற்காலை 5.30-க்கு ஒன்பது வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். வயிற்று வலி, ஒரு முறை வாந்தி. முந்தின நாள் கோயில் கொடையில் சாப்பிட்டிருக்கிறான். காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது. கடி என்று யாரும் சொல்லவில்லை, உடம்பில் ஒரு தடமும் இல்லை. வாந்திக்கும் வயிற்றெரிச்சலுக்கும் ஊசி போட்டு, இளநீர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். 7.30-க்குத் திரும்பத் தூக்கி வந்தபோது இமை இரண்டும் பாதி மூடியிருந்தது. "அவன் முழிச்சிட்டுத்தான் இருந்தான். நான் பேசறது கேட்டுச்சு அவனுக்கு. கண்ணைத்தான் திறக்க முடியல." மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியிலேயே முடிந்துவிட்டது.

கட்டுவிரியன். ராத்திரி வீட்டுக்குள் வரும், தரையில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் அவ்வளவு சின்னது, வலிக்காது, வீங்காது, தடமே தெரியாமல் போகலாம். நம் குழாயில் வைத்தால் ரத்தம் அழகாக உறையும், ஏனென்றால் இதன் விஷம் வேலை செய்வது நரம்பில். விடியும்போது எழுப்புவது வயிற்று வலிதான். பிறகு இமை இறங்கும், முழுங்க முடியாது, கடைசியாக மூச்சுத் தசை.

"எங்க படுத்திருந்தான்னு நான் கேட்கல. ஒரு வார்த்தைடி. கேட்டிருந்தா அவங்கம்மா சொல்லியிருப்பாங்க, வெக்கையா இருந்துச்சு, திண்ணைக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தான்னு. அப்புறம் சொன்னாங்க."

அவர் டாக்டரம்மா என்று என்னைக் கூப்பிடாமல் 'டி' போட்டது அப்போதுதான். மகன் பிறந்ததிலிருந்து அந்தப் பையன் அடிக்கடி கனவில் வருகிறான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார். "நான் திட்டறேன்னு எல்லாரும் சொல்றது எனக்குத் தெரியும். எனக்கு மெதுவா சொல்லத் தெரியல. மெதுவா சொன்னா நீங்க மறந்துடுவீங்களோன்னு இருக்கு." அதை நான் சரியென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பெரியவரின் குடும்பத்துக்கு முன்னால் நான் சுருங்கிப் போனதற்கு அவசியமே இல்லை, அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலும் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டேன். அவரிடமே சொன்னேன். ம்ம் என்றார்.

1.20-க்குச் சாய்த்தோம். உறைந்திருந்தது. படுக்கைக்குக் கொண்டுபோய்க் கடிபட்டவரின் தம்பியிடம் காட்டினேன், குழாயைக் கவிழ்த்தும் ரத்தம் நின்றதைப் பார்த்து அவர் கும்பிட்டார். சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் மூன்று நாள் ஏறி, டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் இறங்கியது.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, அதிகாலை 5 மணி. அக்கா மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில், நான் கீழே. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நடந்துதான் வந்தார். வயிறு பிசைகிறது, ஒரு ஊசி போட்டு விடு கண்ணு, ஆறு மணி பஸ்ஸுக்குப் போகணும் என்றார். பிரஷர் சரியாக இருந்தது, நாடி சரியாக இருந்தது.

"ராத்திரி எங்கம்மா படுத்திருந்தீங்க?"

"எங்கன்னா? நெல்லு காயப்போட்டிருக்கு, களத்துல காவலுக்குப் படுத்தேன்."

"கட்டில்லயா?"

"களத்துக்குக் கட்டில் யாரு கண்ணு தூக்கிட்டு வருவா."

கூரையைப் பார்க்கச் சொன்னேன், முகத்தை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும். பார்த்தார். ஐந்து நொடி, பத்து நொடி. வலது இமை முதலில் இறங்கியது, ஏதோ தூக்கம் வருவது போல. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். பதினாறில் நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப எண்ணச் சொன்னேன், பதிமூன்று.

போன் எடுத்தேன். "அக்கா, தரையில படுத்திருக்காங்க. இமை இறங்குது."

"வென்டிலேட்டர் காலி பண்றேன். மருந்தை ஆரம்பிச்சுட்டுக் கூடவே வா. லிஃப்ட்ல ஆம்பு பை கையில இருக்கட்டும்."

பத்து குப்பியும் ஏற்றினோம். நரம்பு முனையில் போய் உட்கார்ந்துவிட்ட விஷத்தை அந்த மருந்து திருப்பி எடுக்காது, மேற்கொண்டு போய் உட்காராமல்தான் தடுக்கும். நல்ல பாம்பு விஷத்துக்குக் கேட்கிற நியோஸ்டிக்மின் கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் கேட்காது, போட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை. நரம்பு தானாகத் தேறி வரும்வரை மூச்சை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 6.40-க்குத் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் விட்டோம். அவருக்கு எல்லாம் கேட்கும் என்று அக்கா சொல்லியிருந்ததால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் காதருகில் போய், நெல்லை உங்கள் மருமகன் அள்ளி மூட்டை கட்டிவிட்டார் என்று சொன்னேன். நான்காம் நாள் இமையைத் திறந்தார். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தோம்.

அன்று மாலை அக்கா அவருடைய கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இமை இறங்குதுன்னு எழுதியிருக்க. எத்தனை மணிக்குன்னு எங்கடி?"

பேனாவை வாங்கி 5.10 என்று எழுதினேன்.